ஒரே நாளுக்கு நான்கு வார எண்கள்

2027ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அந்த நாள் ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் வருகிறது என்ற கேள்விக்கு நான்கு விடைகள் உண்டு. ஐரோப்பிய அலுவலகங்களின் கணக்கில் அது 2026ஆம் ஆண்டின் 53ஆம் வாரம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் கணக்கில் 2026ஆம் ஆண்டின் 52ஆம் வாரம். எக்செல் தாளில் WEEKNUM என்ற வாய்பாட்டை வேறு எதுவும் சேர்க்காமல் போட்டால் 1 என்று வரும். லினக்ஸ் கணினியில் date கட்டளையிடம் %U என்று கேட்டால் 00 என்று வரும். நான்கில் எதுவும் பிழையல்ல. ஒவ்வொன்றும் தன் விதியைச் சரியாகப் பின்பற்றித்தான் அந்த விடைக்கு வந்திருக்கிறது.

குழப்பத்தின் வேர் எளிய வகுத்தலில் இருக்கிறது. 365 நாட்களை ஏழால் வகுத்தால் 52 வாரங்கள் போக ஒரு நாள் மிஞ்சும். லீப் ஆண்டில் இரண்டு நாள் மிஞ்சும். ஆண்டு முடிந்தது என்பதற்காக வாரம் நின்றுவிடுவதில்லை. டிசம்பர் 31 வியாழன் என்றால் ஜனவரி 1 வெள்ளி. நடுவில் இடைவெளி கிடையாது. அதனால் ஆண்டு பிறக்கும்போது பெரும்பாலும் ஏதோ ஒரு வாரம் நடுவில் வெட்டுப்பட்டு, சில நாட்கள் பழைய ஆண்டிலும் மீதி நாட்கள் புதிய ஆண்டிலும் கிடக்கும். அந்த வெட்டுப்பட்ட வாரம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் ஒவ்வொரு முறையும் தனித்தனி வழியில் போகிறது.

அதற்கு முன்பே இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும்: வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது? தமிழில் கிழமைகளைச் சொல்லத் தொடங்கினால் ஞாயிறில்தான் தொடங்குவோம். மாதக் காலண்டரின் முதல் வரிசையிலும் பெரும்பாலும் ஞாயிறுதான் இருக்கும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அப்படியே. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் திங்கள் முதல் நாள். ஞாயிறு வாரத்தின் கடைசி நாள். அரபு நாடுகள் பலவற்றில் சனிக்கிழமையே வாரத் தொடக்கமாக இருந்துவருகிறது.

இந்த இரண்டு முடிவுகளும் சேரும்போது விதிகள் சிக்கலாகத் தோன்றும். ஆனால் ஆடி வெள்ளியை எண்ணத் தெரிந்த எவருக்கும் அவை எளிதில் பிடிபடும். ஆடி மூன்றாம் வெள்ளி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆடி பிறந்தபின் வரும் முதல் வெள்ளி ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. அங்கே எண்ணப்படுவது வாரமல்ல, கிழமை. ஒரு கிழமை இந்த மாதத்தில் விழும் அல்லது அடுத்த மாதத்தில் விழும். பாதி பாதியாக விழாது. வார எண் முறைகளும் உள்ளுக்குள் இதையேதான் செய்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிழமையை அடையாளமாக வைத்து எண்ணுகிறது. எந்தக் கிழமை என்பதில்தான் வேறுபாடு.

பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் விதி வியாழக்கிழமையை எண்ணுகிறது. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற அந்தத் தரம் 1988இல் வெளியானது. அதற்கு முன்பே 1970களில் வார எண்ணுக்கென்று தனியாக ஒரு தரத்தை அந்த அமைப்பு வகுத்திருந்தது. விதி இதுதான்: வாரம் திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். வியாழனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திங்கள் முதல் ஞாயிறு வரையுள்ள ஏழு நாளில் வியாழன் நடு நாள். வியாழன் எந்த ஆண்டில் விழுகிறதோ, அந்த வாரத்தின் குறைந்தது நான்கு நாட்கள் அந்த ஆண்டில்தான் இருக்கும். அதாவது வெட்டுப்பட்ட வாரம் எந்தப் பக்கம் அதிக நாட்களை வைத்திருக்கிறதோ அந்த ஆண்டுக்கே முழுதாகப் போய்விடும். இதனால் ஜனவரி 4ஆம் தேதி எப்போதுமே முதல் வாரத்தில்தான் வரும்.

இந்த முறையில் ஒரு வாரமும் துண்டாவதில்லை. எல்லா வாரத்துக்கும் ஏழு நாள், ஒரே எண். அதற்கு ஈடாக ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்: ஆண்டின் விளிம்பில் உள்ள சில நாட்கள் பக்கத்து ஆண்டின் பெயரில் போகும். 2027 ஜனவரி 1 வெள்ளி. அந்த வாரத்தின் வியாழன் 2026 டிசம்பர் 31. அது 2026இன் 53ஆம் வியாழன். அதனால் புத்தாண்டு நாள், அதை அடுத்துவரும் சனி, ஞாயிறு மூன்றும் 2026ஆம் ஆண்டின் 53ஆம் வாரத்தில் சேர்கின்றன. 2027இன் முதல் வாரம் ஜனவரி 4 திங்களன்றுதான் தொடங்குகிறது.

53ஆம் வாரம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதையும் இதே வழியில் கணக்கிடலாம். நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். 400 ஆண்டில் 1,46,097 நாட்கள். அது மிச்சமின்றி 20,871 வாரங்கள். ஆண்டுக்கு 52 வீதம் 400 ஆண்டுக்கு 20,800 வாரங்கள்தான் ஆகும். மீதி 71. ஆகவே 400 ஆண்டில் 71 ஆண்டுகளுக்கு 53 வாரங்கள் உண்டு. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுக்கு ஒன்று என்று வரும். 2020 அப்படிப்பட்ட ஆண்டு, 2026உம் அப்படியே, அடுத்தது 2032.

அமெரிக்க அலுவலக வழக்கம் வேறு. அங்கே ஜனவரி 1 எந்தக் கிழமையில் வந்தாலும் அது முதல் வாரம்தான். வாரம் ஞாயிறில் தொடங்கி சனியில் முடியும். இது சனிக்கிழமையை எண்ணுவதற்குச் சமம்: ஆண்டின் முதல் சனி முடியும்வரை முதல் வாரம், இரண்டாம் சனி முடியும்வரை இரண்டாம் வாரம். எக்செலின் WEEKNUM இந்த வழக்கத்தையே பின்பற்றுகிறது. இதைப் புரிந்துகொள்வது மிக எளிது. ஜனவரி 1 எப்போதும் 1 என்பதால் யாரும் திகைக்கவும் மாட்டார்கள். ஆனால் இதற்குரிய விலை டிசம்பரில் தெரியும். 2025 டிசம்பர் 28 ஞாயிறு முதல் 2026 ஜனவரி 3 சனி வரை ஒரே வாரம். WEEKNUM அதன் முதல் நான்கு நாட்களுக்கு 53 என்றும் கடைசி மூன்று நாட்களுக்கு 1 என்றும் சொல்லும். வார வாரியாக விற்பனையைக் கூட்டிப் பார்ப்பவரின் தாளில், நான்கு நாள் வாரம் ஒன்றும் மூன்று நாள் வாரம் ஒன்றும் அடுத்தடுத்து நிற்கும். விற்பனை திடீரெனச் சரிந்ததுபோல் தெரியும். உண்மையில் சரிந்தது நாட்களின் எண்ணிக்கைதான்.

நோய்ப் பரவலைக் கண்காணிப்பவர்களுக்கு இந்தத் துண்டு வாரங்கள் உதவாது. காய்ச்சலால் வருவோர் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிறவர்களுக்கு ஏழு நாள் கொண்ட முழு வாரம் வேண்டும். அதனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடுவழி ஒன்றை எடுத்துக்கொண்டது. வாரம் ஞாயிறில் தொடங்கும். புதிய ஆண்டின் நான்கு நாட்களாவது இருந்தால்தான் அது முதல் வாரம். ஞாயிறு முதல் சனி வரையில் நடு நாள் புதன். ஆக இந்த மையம் எண்ணுவது புதன்கிழமையை. ஐரோப்பாவோ வியாழனை எண்ணுகிறது. இரண்டுக்கும் ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம் என்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் எண்கள் ஒத்துப்போகும். ஜனவரி 1 வியாழனாக வரும் ஆண்டில் மட்டும் பிரியும். 2026 அப்படித்தான் தொடங்கியது. முதல் வியாழன் ஜனவரி 1. முதல் புதனோ ஜனவரி 7. ஆகவே புத்தாண்டு வாரம் ஐரோப்பியக் கணக்கில் 2026இன் முதல் வாரமாகவும், அமெரிக்க மையத்தின் கணக்கில் 2025இன் 53ஆம் வாரமாகவும் பதிவாகும். ஆண்டு முழுவதும் இரண்டு பட்டியல்களும் ஒரு எண் தள்ளியே நிற்கும். இரு கண்டங்களின் காய்ச்சல் வரைபடங்களை வார எண்ணை வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறவர் இதைக் கவனிக்காவிட்டால், ஒரு கண்டத்தில் நோய் ஒரு வாரம் முன்பே உச்சம் தொட்டதாக முடிவு கட்டிவிடக்கூடும்.

சாதாரணமாக மக்கள் வார எண்ணைச் சந்திக்கும் இடங்கள் குறைவு. கார் டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அவற்றில் ஒன்று. 1126 என்று இருந்தால் 2026ஆம் ஆண்டின் 11ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். டயரின் வயதைப் பார்க்கும்போது ஒரு வாரம் முன்பின் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஏற்றுமதியில் அப்படியில்லை. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் அலுவலகங்கள் தேதியைவிட வார எண்ணையே சரளமாகப் புழங்குகின்றன. சரக்கு எப்போது வேண்டும் என்று கேட்டால் ‘11ஆம் வாரம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எண் ஐ.எஸ்.ஓ. எண்.

திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் பின்னலாடை போகிறது. அங்கே ஓர் அலுவலகத்தில் ஆர்டர் அட்டவணையை எக்செலில் WEEKNUM கொண்டு போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2023, 2024, 2025, 2026 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் அவர்களுக்கு எந்தச் சிக்கலும் வந்திருக்காது. ஜனவரி 1 ஞாயிறு முதல் வியாழன் வரை எந்தக் கிழமையில் விழுந்தாலும், முதல் வியாழனும் முதல் சனியும் ஒரே வாரத்தில் அமைந்துவிடும். ஆகவே டிசம்பர் இறுதியின் சில நாட்களைத் தவிர, திங்கள் முதல் சனி வரை WEEKNUM சொல்லும் எண்ணும் ஐ.எஸ்.ஓ. எண்ணும் ஒன்றே. ஞாயிறு மட்டும் மாறும்; ஆனால் ஞாயிறன்று யாரும் சரக்குத் தேதி குறிப்பதில்லை என்பதால் அது கண்ணில் படாது. நான்கு ஆண்டுகள் சரியாக ஓடிய அட்டவணையை யாரும் சந்தேகிப்பதில்லை. இந்தப் பிழையின் ஆபத்தே அதுதான்.

2027 வெள்ளியில் தொடங்குகிறது. முதல் சனி ஜனவரி 2. முதல் வியாழன் ஜனவரி 7. இரண்டும் வேறு வேறு வாரத்தில் விழுந்துவிட்டன. அன்று முதல் ஆண்டு முழுவதும் WEEKNUM ஓர் எண் கூடுதலாகவே காட்டும்; ஞாயிறுகளில் இரண்டு எண் கூடுதலாகக் காட்டும். ஜெர்மனியில் உள்ளவர் 11ஆம் வாரம் சரக்கு வேண்டும் என்று எழுதினால் அவர் மனதில் இருப்பது மார்ச் 15 முதல் 21 வரை. திருப்பூர் அட்டவணையிலோ 11ஆம் வாரம் மார்ச் 7 முதல் 13 வரை. ஒரு வாரம் பறிபோய்விட்டது என்று எண்ணிக் கொண்டு ஓவர்டைம் போட்டு, கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பினால், அந்தக் கூடுதல் செலவு முழுவதும் வீண். திசை மாறினால் நிலைமை இன்னும் மோசம். திருப்பூர் அலுவலகம் ஐரோப்பாவில் உள்ள ஓர் இயந்திர விற்பனையாளரிடம் உதிரிபாகத்தை 11ஆம் வாரத்தில் அனுப்பச் சொன்னால், அவர் தன் கணக்குப்படி சரியாகவே அனுப்புவார். பாகம் இங்கே எதிர்பார்த்த நாளைவிட ஒரு வாரம் தாமதமாக வரும். யாரும் தவறு செய்திருக்கமாட்டார்கள். 2028 சனியில் தொடங்குவதால் அந்த ஆண்டிலும் இதே கதைதான்.

எண் ஒன்று தள்ளிப்போவதைவிடப் பெரிய விபத்து ஆண்டில் நடக்கும். ஐ.எஸ்.ஓ. வார எண்ணோடு சேர்த்து எழுத வேண்டிய ஆண்டு, நாட்காட்டி ஆண்டு அல்ல. வியாழன் விழும் ஆண்டு. இந்த இரண்டையும் கணினி நிரல்கள் தனித்தனிக் குறிகளால் கேட்கின்றன. %Y என்றால் நாட்காட்டி ஆண்டு, %G என்றால் வாரத்துக்குரிய ஆண்டு. இரண்டும் ஆண்டின் பெரும்பகுதியில் ஒரே விடையைத் தரும் என்பதால், மாற்றிப் போட்டாலும் சோதனையில் சிக்காது. ஆண்டு விளிம்பில் மட்டும் இப்படி ஆகும்:

```
date -d 2027-01-01 +%Y-%m-%d    2027-01-01
date -d 2027-01-01 +%G-%m-%d    2026-01-01
date -d 2027-01-01 +%G-W%V      2026-W53
```

இரண்டாவது வரிதான் விபத்து. தேதியும் மாதமும் சரி, ஆண்டு மட்டும் ஒன்று பின்னால். மூன்றாவது வரி சரியான பயன்பாடு; %G எப்போதும் %V என்ற வார எண்ணுடன் மட்டுமே வர வேண்டும். ஜாவா மொழியில் இதே வேலையை எழுத்தின் அளவு செய்கிறது: yyyy நாட்காட்டி ஆண்டு, YYYY வாரத்துக்குரிய ஆண்டு. விசைப்பலகையில் ஒரு ஷிஃப்ட் விசை போதும், தேதி ஓராண்டு தாவ.

2014 டிசம்பர் 29 திங்கள். 2015 ஜனவரி 1 வியாழன் என்பதால் அந்தத் திங்களே 2015இன் முதல் வாரத்தின் முதல் நாள். உலக நேரப்படி அந்த நாள் பிறந்ததும் ட்விட்டரின் ஆண்ட்ராய்டு செயலியில் பலர் வெளியேற்றப்பட்டார்கள். மீண்டும் உள்ளே நுழைய முடியவில்லை. ட்விட்டரின் சர்வர்கள் தங்கள் பதில்களில் 2015 டிசம்பர் 29 என்று தேதி போட்டுக்கொண்டிருந்தன. சர்வருக்கும் கைபேசிக்கும் நேரம் ஓராண்டு முரண்பட்டதால் இணைப்பு மறுக்கப்பட்டது. வாரத்துக்குரிய ஆண்டைக் கேட்கும் குறியை நாட்காட்டி ஆண்டின் இடத்தில் போட்டுவிட்டதே காரணம் என்று நிரலாளர்கள் அன்றே கணித்தார்கள்.

கணினி இல்லாமலே ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கண்டுபிடிக்கலாம். எந்தத் தேதி வேண்டுமோ அந்த வாரத்தின் வியாழனுக்குப் போக வேண்டும். வாரம் திங்களில் தொடங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. அந்த வியாழன் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று கூட்டி, ஏழால் வகுத்து, மிச்சம் இருந்தால் மேலே உள்ள முழு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். 2027 மார்ச் 17 புதன். வியாழன் மார்ச் 18. ஜனவரியின் 31, பிப்ரவரியின் 28, மார்ச்சின் 18 சேர்ந்தால் 77. ஏழால் வகுத்தால் 11. அதுவே வார எண். 2027 ஜனவரி 1க்கு வியாழன் 2026 டிசம்பர் 31, அதாவது 365ஆம் நாள். ஏழால் வகுத்தால் 52 போக ஒன்று மிச்சம், ஆகவே 53. வியாழன் 2026இல் விழுந்ததால் ஆண்டும் 2026.

எக்செலில் ISOWEEKNUM என்ற வாய்பாடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இருக்கிறது. WEEKNUM வாய்பாட்டிலேயே இரண்டாவதாக 21 என்று சேர்த்தாலும் அதே விடை வரும். ஆண்டைத் தனியாக எடுக்க அந்த வாரத்தின் வியாழனுக்குப் போக வேண்டும். கீழே இரண்டாவது வரி அதைச் செய்கிறது.

```
=ISOWEEKNUM(A1)
=YEAR(A1-WEEKDAY(A1,2)+4)
```

கைக்கு வந்த ஒரு மென்பொருள் எந்த முறையில் எண்ணுகிறது என்று அதன் கையேடு சொல்லாவிட்டாலும் 2027 ஜனவரி 1ஐக் கொடுத்துப் பார்த்தால் போதும். 53 வந்தால் ஐ.எஸ்.ஓ.; 52 வந்தால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் முறை; 1 வந்தால் ஜனவரி 1ஐ முதல் வாரமாகக் கொள்ளும் முறை. 0 வந்தால் ஆண்டின் முதல் ஞாயிறு அல்லது முதல் திங்கள் வரும்வரை எண்ணத் தொடங்காத முறை; இதில் %U ஞாயிறையும் %W திங்களையும் எண்ணும். ஆண்டின் நடுவே உள்ள தேதியைக் கொடுத்துச் சோதிப்பதில் பயனில்லை. 2026 போன்ற ஆண்டில் பிழை அங்கே வெளியே தெரியாது.

வார எண்ணை வைத்து வெளிநாட்டோடு வேலை செய்பவர்கள், 2027 பிறப்பதற்குள் தங்கள் அட்டவணைகளை ஒருமுறை திறந்து WEEKNUM இருக்கும் இடங்களைப் பார்த்துவிடுவது நல்லது. கடிதத்தில் ‘11ஆம் வாரம்’ என்று மட்டும் எழுதாமல் ‘11ஆம் வாரம், மார்ச் 15 முதல்’ என்று திங்களின் தேதியையும் சேர்த்து எழுத வேண்டும். வாங்குபவர் எந்த முறையில் எண்ணினாலும் அந்தத் தேதி மாறாது.